மொழிபெயர்ப்பாளர் பணிக்கு விண்ணப்பம்: ஆங்கிலம்–தமிழ், மலையாளம்–தமிழ் (நலவாழ்வு, மென்பொருள்)

மொழிபெயர்ப்புப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். பகுதிநேர மொழிபெயர்ப்பாளர்கள் தேவை என்ற உங்கள் அறிவிப்பைப் பார்த்து எழுதுகிறேன். ஆங்கிலத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். என் தாய்மொழி தமிழ். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்வதில்லை. அந்தத் திசையில் வேலை வந்தால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்குக் கொடுப்பதுதான் முறை.

முதன்மைத் துறை நலவாழ்வு: நோயாளிகளுக்கான விளக்கக் கையேடுகள், சிகிச்சைக்கான ஒப்புதல் படிவங்கள், மருந்துப் பயன்பாட்டுக் குறிப்புகள். ஒரு லிட்டர் தண்ணீர் என்பது அரை லிட்டர் என மாறிவிட்டால் உப்புக்கரைசலின் செறிவு இரட்டிப்பாகும். குழந்தைக்குக் கொடுக்கும் கரைசலில் அது ஆபத்து. அதனால் எண்களையும் அளவுகளையும் மட்டும் தனியாக ஒருமுறை மூலத்தோடு சரிபார்த்த பிறகே கோப்பை அனுப்புவேன். அடுத்தது மென்பொருள் இடைமுகமும் உதவிப் பக்கங்களும். சட்ட ஒப்பந்தங்களும் காப்புரிமை ஆவணங்களும் எனக்குப் பழக்கமில்லை, அவற்றை ஏற்பதில்லை.

வாடிக்கையாளர்களுக்குச் செய்தவை ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. அவற்றை மாதிரியாக அனுப்புவது சரியல்ல. எனவே யாரும் திறந்து பார்க்கக்கூடியவற்றையே இணைத்திருக்கிறேன். முதல் கோப்பில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் வயிற்றுப்போக்கு பற்றிய தகவல் பக்கம்: இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் என் தமிழ். இது அந்நிறுவனம் செய்த மொழிபெயர்ப்பு அல்ல என்ற குறிப்பையும், உரிமம் கேட்கிறபடி, சேர்த்திருக்கிறேன். இரண்டாவது, மலையாள விக்கிப்பீடியாவின் மலேரியா கட்டுரையிலிருந்து இரண்டு பகுதிகள். மூலக் கட்டுரையை யாரும் எப்போதும் திருத்தலாம் என்பதால், நான் பார்த்துச் செய்த பதிப்பின் நிலையான இணைப்பைக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பதிப்போடுதான் ஒப்பிட வேண்டும். மூன்றாவது கோப்பில், translate.wordpress.org தளத்தில் நான் மொழிபெயர்த்த இடைமுகச் சொற்றொடர்களின் இணைப்புகள். ஒவ்வொன்றையும் யார் மொழிபெயர்த்தார், யார் ஏற்றார் என்பதை அந்தத் தளமே காட்டும்.

மூன்றையும் நேரமிருந்தால் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் என்றால் முதல் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் திருத்தாமல் என் எழுத்து எப்படி இருக்கும் என்று அதில்தான் தெரியும். உங்கள் பணியில் திருத்துநர் ஒருவர் இருப்பார் என நம்புகிறேன். ISO 17100 தரநிலையும் இரண்டாவது ஆள் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்கிறது. திருத்தங்களை விளக்கத்தோடு அனுப்பினால் மகிழ்ச்சி.

OmegaT பயன்படுத்துகிறேன். XLIFF கோப்புகளையும் உங்கள் TMX நினைவகத்தையும் கலைச்சொல் பட்டியலையும் வைத்து வேலை செய்ய முடியும். புதிய நலவாழ்வு உரை என்றால் ஒரு நாளைக்கு, சரிபார்ப்பையும் சேர்த்து, சுமார் 1,500 ஆங்கிலச் சொற்கள் முடிப்பேன். அவசரம் என்றாலும் இதற்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. தேர்வு உரை கொடுப்பதானால், வரும் வாரத்தில் எந்த நாளும் எனக்குச் சரி. கட்டணத்தை, நீங்கள் சொல் கணக்கில் தருவீர்களா மணிக்கணக்கிலா என்பது தெரிந்ததும் எழுதுகிறேன்.

நன்றி.

அன்புடன்,
மலர்விழி

இணைப்பு: 3 கோப்புகள்