ஊசிக்குத்துக் காயம்: சம்பவ அறிக்கை

பெறுநர்: தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு
வழி: செவிலியர் கண்காணிப்பாளர்
அனுப்புநர்: செவிலியர், பெண்கள் மருத்துவ வார்டு, இரவுப் பணி
காயம்பட்ட நாள், நேரம்: 12.08.2025, செவ்வாய், அதிகாலை 5.10
இடம்: 7ஆம் படுக்கை அருகே, ரத்தம் எடுக்கும் டிராலி
அறிக்கை எழுதிய நேரம்: அதே நாள், காலை 8.15

நடந்தது

காலைப் பரிசோதனைக்காக 7ஆம் படுக்கை நோயாளியிடம் ரத்தம் எடுத்துக் குழாய்களில் நிரப்பிவிட்டு, ஊசியோடு சிரிஞ்சைக் கூர்பொருள் பெட்டியில் போடக் கையை நீட்டினேன். ஊசிக்கு மூடி மாட்டவில்லை, கையுறை அணிந்திருந்தேன். பெட்டியின் வாயிலுள்ள மடிப்புத் தகட்டைத் தள்ளியபோது, அதன் அடியில் ஏற்கெனவே கிடந்த வேறொரு ஊசி வலது கை நடுவிரல் நுனியில் குத்தியது. கையுறை துளைபட்டு ரத்தம் கசிந்தது. என் சிரிஞ்சு அப்போதும் கையில்தான் இருந்தது. அதன் ஊசி என் மீது படவில்லை.

குத்திய ஊசி கறுப்பு அடிப்பகுதி கொண்ட 22 கேஜ் ஊசி, உள்ளே துளையுள்ளது. அதன் அடிப்பகுதியில் காய்ந்த ரத்தம் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் அதன் முனை தெரியாது. தகட்டுக்குக் கீழே பக்கவாட்டில் சாய்ந்து, வாயை நோக்கி நின்றிருந்தது. பெட்டி நான்கில் மூன்று பங்குக் கோட்டைத் தாண்டி, கிட்டத்தட்ட வாய் வரை நிறைந்திருந்தது. இரவு 9 மணிக்குப் பணி ஏற்றபோதே இதைக் கவனித்து, மாற்றுப் பெட்டி வேண்டும் என்று ஒப்படைப்பு நோட்டில் எழுதினேன். 9.30க்கு ஸ்டோருக்கு ஆள் அனுப்பினேன். ஸ்டோர் பூட்டியிருந்தது; சாவி பகல் பணியாளரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். வார்டில் வேறு பெட்டி இல்லை.

உடனே செய்தது

டிராலியை விட்டு நகர்ந்து, கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். விரலைப் பிதுக்கவில்லை, ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றவில்லை. இதைக் குறிப்பாக எழுதக் காரணம், பக்கத்தில் இருந்த உதவியாளர் நல்லெண்ணத்தில் "அழுத்தி ரத்தத்தை வெளியே எடுங்க சிஸ்டர்" என்று சொன்னார். பிதுக்கினால் திசு இன்னும் சேதமாகும், பலன் ஒன்றும் இல்லை. எல்லாப் பணியாளருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கழுவிய பிறகு சாதாரண பிளாஸ்திரி ஒட்டினேன்.

5.20க்கு டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொன்னேன். வார்டைப் பக்கத்து வார்டு செவிலியர் பார்த்துக்கொண்டார். 5.45க்கு என் ரத்தம் எடுக்கப்பட்டது: எச்.ஐ.வி., ஹெப்பாடைட்டிஸ் பி, ஹெப்பாடைட்டிஸ் சி, கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள். கர்ப்பப் பரிசோதனையும் செய்தார்கள், இல்லை என்று வந்தது.

யாருடைய ரத்தம்

யாருடையது என்று தெரியவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் திறந்த தேதி 07.08.2025 என்று இருக்கிறது. அன்று முதல் இந்த வார்டில் ரத்தம் எடுக்கப்பட்ட எவருடைய ஊசியாகவும் அது இருக்கலாம். 7ஆம் படுக்கை நோயாளிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பில்லை. ஆகவே அவரிடம் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கவில்லை, கேட்டு அவரைக் கலங்கவைக்க வேண்டியதும் இல்லை. ஊசியையே பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று உதவியாளர் கேட்டார். அதன் முடிவை நம்ப முடியாது, எடுப்பவருக்கும் ஆபத்து என்பதால் அனுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நாட்களின் வார்டுப் பதிவேடுகளை டாக்டர் பார்த்தார். எச்.ஐ.வி. உறுதியான ஒருவரும், ஹெப்பாடைட்டிஸ் பி உள்ள இருவரும் அப்போது சிகிச்சையில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்பது டாக்டரோடு நிற்கிறது. இந்த அறிக்கையில் படுக்கை எண்ணும் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

சிகிச்சை முடிவு

எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்ற வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம். இங்கே ஊசி யாருடையது என்றே தெரியாததால் வாய்ப்பு அதைவிடக் குறைவு. ஆனாலும் உள்துளை ஊசி, ரத்தம் தெரிகிறது, எச்.ஐ.வி. உள்ள ஒருவர் வார்டில் இருந்திருக்கிறார். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்துத் தடுப்பு மருந்து தொடங்க டாக்டர் முடிவு செய்தார், நானும் சம்மதித்தேன். டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி.: தினம் ஒரு வேளை, 28 நாள். முதல் வேளையை 6.20க்குச் சாப்பிட்டேன். 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குவதில் பயனில்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆகவே ரத்த முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை.

ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். பெட்டி திறந்து ஐந்து நாளே ஆனதால், காய்ந்துவிட்டது என்று அதை விட்டுவிட முடியாது. நான் 2021இல் மூன்று தவணைத் தடுப்பூசியும் போட்டிருக்கிறேன். அப்போது எதிர்ப்பாற்றல் அளவு 48 என்று பதிவாகியுள்ளது. 10க்கு மேல் இருந்தாலே பாதுகாப்பு உண்டு, ஆகவே இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஹெப்பாடைட்டிஸ் சிக்குத் தடுப்பூசியும் இல்லை, முன்கூட்டிச் சாப்பிடும் மருந்தும் இல்லை. தொடர்ந்து பரிசோதிப்பதுதான் வழி, தொற்றினால் குணப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன.

இனி செய்ய வேண்டியவை

26.08.2025 அன்று மருந்தின் பக்க விளைவு, கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள் பார்க்கப்படும். கடைசி வேளை மாத்திரை 08.09.2025. ஆறாம் வாரம், 23.09.2025 அன்று எச்.ஐ.வி. பரிசோதனையும் ஹெப்பாடைட்டிஸ் சி ஆர்.என்.ஏ.வும். அடுத்து 12.11.2025 அன்று எச்.ஐ.வி., 12.02.2026 அன்று எச்.ஐ.வி.யும் ஹெப்பாடைட்டிஸ் சியும். நடுவில் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறி கட்டுதல், கண் மஞ்சளாதல் எது வந்தாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். பரிசோதனைகள் முடியும்வரை ரத்த தானம் கிடையாது, ஆணுறை கட்டாயம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் வயிற்றுப் புண்ணுக்கான ஜெல்லையும் டோலுடெக்ராவிருடன் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்றும் சொன்னார்கள். வழக்கமான பணியைத் தொடரலாம்.

கேட்டுக்கொள்வது

என் விரலில் குத்தாவிட்டால் அந்த ஊசி காலையில் பெட்டியை எடுத்துப்போக வரும் துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தியிருக்கும். எனக்குத் தடுப்பூசிப் பதிவு உண்டு, பக்கத்திலேயே டாக்டர் இருந்தார். எங்கள் வார்டில் வேலை செய்யும் இரண்டு துப்புரவுப் பெண்களிடம் இன்று காலை கேட்டேன். அவர்கள் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டதே இல்லை. இருவருக்கும் இந்த வாரமே முதல் தவணை போட வேண்டும். மற்ற கோரிக்கைகளை விட இதற்கே முதலிடம் கொடுங்கள்.

இரவில் ஸ்டோர் சாவி பொறுப்பு செவிலியரிடம் இருக்க வேண்டும். முடியாவிட்டால் ஒவ்வொரு வார்டிலும் இரண்டு காலிப் பெட்டிகள் எப்போதும் இருக்கட்டும். கோடு எட்டியதும் பெட்டியை மூடி மாற்றுவது அந்தந்தப் பணிநேரத்தின் பொறுப்பு என்று ஒப்படைப்பு நோட்டில் தனிக் கட்டம் சேர்க்க வேண்டும். சம்பவப் பெட்டி 5.50க்கு மூடி முத்திரையிடப்பட்டு, வார்டு அறையில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. குழு பார்வையிட்ட பிறகு அப்புறப்படுத்தலாம்.

சாட்சி: இரவுப் பணி உதவியாளர், பெண்கள் மருத்துவ வார்டு
இணைப்பு: ஒப்படைப்பு நோட்டின் நகல், தடுப்பூசிப் பதிவு, மருந்துச் சீட்டு

இப்படிக்கு,
செவிலியர், பெண்கள் மருத்துவ வார்டு
12.08.2025