36ஆவது கேள்வி, சென்னை காலநிலை வரைபடம்: சரிபார்த்த குறிப்பு

டீச்சர், வணக்கம். அரையாண்டுத் தேர்வுக்கு நீங்கள் அனுப்பிய பத்தாம் வகுப்பு வினாத்தாளில் மற்றதெல்லாம் சரி, 36ஆவது கேள்வி மட்டும் இப்படியே அச்சுக்குப் போகக்கூடாது. கேள்வியை எடுத்துவிட வேண்டியதில்லை, பட்டையும் கோடும் சேர்ந்த படத்தைப் பார்த்துப் பதில் எழுதும் பயிற்சி பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். சிக்கல் விடைக்குறிப்பில்தான். அதை வரைபடத்தைப் பார்த்து எழுதவில்லை, வரைபடம் போட வைத்திருந்த அட்டவணையைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் கையில் அட்டவணை இருக்காது, எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படம்தான் இருக்கும். அதனால் விடைக்குறிப்பை மடித்து வைத்துவிட்டு, ஸ்கேலும் பென்சிலும் எடுத்து, மாதம் மாதமாக அளந்து நானே விடை எழுதிப் பார்த்தேன்.

முதலில் அச்சுகள். இடது அச்சு 0 முதல் 400 மி.மீ., வலது அச்சு 20 முதல் 36 டிகிரி. இரண்டுக்கும் எட்டுக் கட்டம், ஒரு கட்டம் ஒரு சென்டிமீட்டர், அதாவது இடப்பக்கம் கட்டத்துக்கு 50 மி.மீ., வலப்பக்கம் 2 டிகிரி. ஒரே கட்டக்கோடு இரண்டு அச்சுக்கும் பொருந்துகிறது, புள்ளிகளும் பட்டையின் நடுவுக்கு நேர் மேலே இருக்கின்றன. பலரும் கோட்டைவிடும் இடம் இது, இங்கே உங்கள் படம் சுத்தம். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது 5 மி.மீ. மழை அல்லது 0.2 டிகிரி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

நான் படித்த அளவுகள் இவை. மழையை 5 மி.மீ.க்கும், வெப்பநிலையை அரை டிகிரிக்கும் முழுமையாக்கியிருக்கிறேன், நன்றாகப் படிக்கிற பிள்ளையும் அதற்கு மேல் துல்லியமாகப் படிக்க முடியாது.

ஜனவரி: 15 மி.மீ., 25.5 டிகிரி
பிப்ரவரி: 5, 26.5 (பட்டையே இல்லை, அடிக்கோடு கொஞ்சம் தடித்தது போல இருக்கிறது)
மார்ச்: 5, 28.5 (இதுவும் அப்படித்தான்)
ஏப்ரல்: 15, 30.5
மே: 50, 32.5
ஜூன்: 55, 32.5
ஜூலை: 100, 31
ஆகஸ்ட்: 150, 30.5
செப்டம்பர்: 110, 30
அக்டோபர்: 285, 28.5 (புள்ளி பட்டைக்குள் மறைந்துவிட்டது)
நவம்பர்: 350, 26.5 (இங்கேயும் மறைந்துவிட்டது)
டிசம்பர்: 140, 25.5 (புள்ளி பட்டையின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது)

கடைசி மூன்று வரியைப் பாருங்கள். அக்டோபர், நவம்பர் பட்டைகள் கோட்டைவிட உயரம், பட்டைக்கு நீங்கள் கொடுத்திருப்பது அடர் நீலம், கோட்டுக்குச் சிவப்பு. திரையில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வினாத்தாள் கறுப்பு வெள்ளையில்தானே வரும், அப்போது இரண்டும் ஒரே கறுப்பு. செப்டம்பரிலிருந்து கிளம்பும் கோடு அக்டோபர் பட்டைக்குள் போய்க் காணாமல் போய், நவம்பருக்குப் பிறகுதான் மறுபடி தலைகாட்டுகிறது. நான் 28.5, 26.5 என்று எழுதியது உங்கள் கலர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான், ஜெராக்ஸில் இரண்டுமே தெரியவில்லை. பட்டைகளை உள்ளே வெள்ளையாக விட்டு ஓரக்கோடு மட்டும் போடுங்கள், அல்லது லேசான சாய்கோடு போதும்.

இனி உட்கேள்விகள்.

(அ) அதிக மழை பெறும் மாதம் எது, எவ்வளவு? குறிப்பில் 350.3 என்று இருக்கிறது. அந்த .3ஐ எந்தப் பிள்ளையும் படிக்க முடியாது. நவம்பர், 340 முதல் 360 வரை எதை எழுதினாலும் மதிப்பெண் என்று போடுங்கள். நவம்பர் பட்டையின் தலை கட்டக்கோட்டிலேயே நிற்பதால் பெரும்பாலும் 350 என்றே எழுதுவார்கள்.

(ஆ) வெப்பம் மிகுந்த மாதம் எது? குறிப்பில் மே, 32.6. ஜூன் உங்கள் அட்டவணைப்படி 32.3. இடையில் 0.3 டிகிரி, தாளில் ஒன்றரை மில்லிமீட்டர். கோடு லேசாகச் சரிவது தெரிகிறது, ஆனால் ஜெராக்ஸ் கொஞ்சம் பரவிவிட்டால் அதுவும் போய்விடும். இன்னொரு பக்கம், கத்திரி வெயில் மே மாதம் என்று பாடப் புத்தகத்தைத் திறக்காத பிள்ளைக்கும் தெரியும், படத்தைப் பார்க்காமலே ‘மே’ என்று எழுதிவிடும். எனவே ‘வெப்பம் மிகுந்த இரண்டு மாதங்கள்’ என்று மாற்றலாம். வெயில் ஜூனிலும் அப்படியே நீடிப்பதைப் படத்தைப் பார்த்தவர்கள் மட்டும்தான் எழுதுவார்கள். விடை மே, ஜூன், இரண்டும் 32 முதல் 33க்குள். இதே உட்கேள்வியில் மே மாத வெப்பநிலை 315 என்று எழுதும் கூட்டம் ஒன்று நிச்சயம் இருக்கும். அது இடது அச்சில் படித்த எண். அதற்கு மதிப்பெண் கிடையாது, அந்தப் பிழையைப் பிடிப்பதற்குத்தான் இந்தக் கேள்வியே. ஆனால் நாமும் அச்சுக்குப் பெயர் எழுதியிருக்க வேண்டும். வலது அச்சில் இப்போது வெறும் எண்கள்தான் இருக்கின்றன, ‘வெப்பநிலை (கோடு)’ என்று எழுதுங்கள், இடது அச்சில் ‘மழையளவு (பட்டை)’.

(இ) ஆண்டு மொத்த மழை. குறிப்பில் 1266.9. நான் படித்ததைக் கூட்டினால் 1280 வருகிறது. பன்னிரண்டு பட்டையிலும் ஆளுக்கு 5 மி.மீ. முன்னே பின்னே போனால் மொத்தத்தில் 60 வரை தள்ளிப்போகும். ஆகவே 1200 முதல் 1340 வரை ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்றும் குறிப்பில் சேர்க்க வேண்டும்: ஒரு பட்டையைத் தவறாகப் படித்து, தன் எண்களைச் சரியாகக் கூட்டியிருந்தால் கூட்டலுக்குப் பாதி மதிப்பெண். வெறும் 1400 என்று மட்டும் எழுதி, கூட்டல் எதுவும் காட்டாதவர்களுக்கு வேண்டாம். சென்னையின் சராசரி மழை சுமார் 1400 மி.மீ. என்று செய்தியில் அடிக்கடி வரும் எண் அது, உங்கள் படத்திலிருந்து வந்ததில்லை. சராசரி எந்த 30 ஆண்டுக்குரியது, எந்த நிலையத்துடையது என்பதைப் பொறுத்து எண் மாறும். நுங்கம்பாக்கமா மீனம்பாக்கமா என்று படத்தின் கீழே போட்டுவிடுங்கள், ஆண்டுகளையும் போடுங்கள்.

(ஈ) ‘எந்த மாதங்களில் வெப்பநிலையைவிட மழை அதிகம்?’ டீச்சர், இதை அப்படியே எடுத்துவிடுங்கள். மில்லிமீட்டரையும் டிகிரியையும் ஒப்பிட்டு எது அதிகம் என்று கேட்க முடியாது. படத்தில் பட்டை கோட்டைத் தாண்டி நிற்கும் மாதங்களைப் பார்த்து அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பட்டை எங்கே கோட்டைத் தாண்டுகிறது என்பது நாம் போட்ட அளவைப் பொறுத்தது. வலது அச்சை 20–36க்குப் பதிலாக 0–40 என்று மாற்றி வரைந்து பாருங்கள்: டிசம்பர் பட்டை கோட்டுக்கு வெகு கீழே போய்விடும், அக்டோபர் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், நவம்பர் மட்டும் மிஞ்சும். சென்னையில் மழை ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, குறையவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது. வால்டர், லீத் என்ற இரு ஜெர்மானியர்கள் உருவாக்கிய வரைபட முறை ஒன்றில் 10 டிகிரிக்கு 20 மி.மீ. என்று அளவைக் கட்டி வைத்திருப்பார்கள், அதில் மழைக்கோடு வெப்பநிலைக் கோட்டுக்குக் கீழே போனால் வறண்ட மாதம் என்று பொருள் உண்டு. அந்தக் கணக்கில் சென்னைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை வறட்சி. நம் படம் அந்த அளவில் இல்லை, பத்தாம் வகுப்புக்கு அது தேவையும் இல்லை.

அதற்குப் பதில் ‘25 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் மாதங்கள் எவை?’ என்று கேளுங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், தகராறே இல்லாத நான்கு மாதங்கள். 50 என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், மே மாதப் பட்டை சரியாக அந்தக் கோட்டிலேயே தலையை வைத்திருக்கிறது, விடைத்தாள் திருத்தும் அறையில் சண்டை வரும்.

(உ) எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். ‘இங்கு தென்மேற்குப் பருவமழை பெய்யாததற்குக் காரணம் என்ன?’ என்று கேட்டு, மழைமறைவுப் பகுதி என்று குறிப்பு. படத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூட்டுங்கள்: 55, 100, 150, 110, மொத்தம் 415 மி.மீ. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பகல் முழுக்கக் காய்ந்து, கடற்காற்று உள்ளே வந்தபிறகு சாயங்காலம் இடியோடு கொட்டுவதைச் சென்னையில் இருக்கிற எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். படத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளை ‘பெய்கிறதே’ என்று குழம்பி நிற்கும், படத்தைப் பார்க்காமல் மனப்பாடம் செய்த பிள்ளை ஒரு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போய்விடும்.

கேள்வியை இப்படி மாற்றுங்கள்: ‘ஜூன்–செப்டம்பர் மழையையும் அக்டோபர்–டிசம்பர் மழையையும் தனித்தனியே கூட்டுக. எது அதிகம், ஏன்?’ விடை: 415, 775, பின்னது அதிகம், ஆண்டு மழையில் சுமார் 60 சதவீதம். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு வருகிறது, வடகிழக்குக் காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு வருகிறது. புயல், காற்றழுத்தத் தாழ்வு என்று எழுதினாலும் கொடுங்கள். கூட்டலுக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று என்று இதற்கு இரண்டு மதிப்பெண் போட்டால், (அ) ஒன்று, (ஆ) ஒன்று, (இ) ஒன்று, (ஈ) ஒன்று, மொத்தம் ஆறாகிறது. கேள்வி ஐந்து மதிப்பெண்ணுக்குத்தான் என்றால் (அ)வையும் (ஆ)வையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்குங்கள், (இ)யில் கை வைக்காதீர்கள், பன்னிரண்டு பட்டையையும் படிக்க வைப்பது அது ஒன்றுதான்.

வலது அச்சு 20இல் தொடங்குவதை மாற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அப்படி இருப்பதால்தான் அரை டிகிரி வரை படிக்க முடிகிறது. கோடு மலை ஏறி இறங்குவது போலத் தெரியும், உண்மையில் 25.5க்கும் 32.5க்கும் 7 டிகிரிதான் வித்தியாசம், கடலோர ஊருக்கு அவ்வளவுதான் இருக்கும். ‘வெப்பநிலை மிகவும் மாறுகிறதா?’ என்ற மாதிரி கேள்வி எதுவும் நீங்கள் கேட்கவில்லை, அதனால் பரவாயில்லை. பட்டையின் அச்சு மட்டும் 0இலேயே தொடங்கட்டும், அதைத் தொட வேண்டாம்.

படத்தைத் திருத்தியதும் ஒரு பிரதியை நம் பள்ளி ஜெராக்ஸ் மிஷினிலேயே எடுத்து, அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். திரையில் இருக்கிற படத்தை அனுப்ப வேண்டாம், அக்டோபர் புள்ளியும் நவம்பர் புள்ளியும் அந்தத் தாளில் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.