பழைய சீட்டு

12 ஆண்டுகள் கழித்து அதே அறையில் உட்கார்ந்தாள் டாக்டர். மேசை மாறியிருந்தது, ஜன்னல் கம்பியின் துரு மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாவதாக வந்த முதியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து விரித்தார். மடிப்புகள் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. அவளுடைய கையெழுத்து. ரத்த அழுத்த மாத்திரை, தினமும் காலையில் ஒன்று.

"இதையா இன்னும் சாப்பிடுகிறீர்கள், ஐயா?"

"மாத்திரையை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள், அம்மா. கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள்."

'ஒரு மாதம் கழித்து என்னிடம் வாருங்கள்.'

அந்த மாதம்தான் அவள் விமானம் ஏறினாள். நோயாளிகள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"வந்தேன். நீங்கள் இல்லை." குரலில் குறையே இல்லை; அதுதான் அவளைச் சுட்டது.

அவள் பதில் தேடுவதற்குள், அவர் சட்டைக் கையைச் சுருட்டி மேசைமேல் நீட்டியிருந்தார்.