செவக்காடு: சிறுதானியப் பலகாரங்களுக்கான டிசைன் பிரீஃப்

வணக்கம். போனில் பேசியதை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். விலாவாரியாகவே எழுதியிருக்கிறேன், வரையப்போகிறவர் கையில் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களின் விவசாயக் கூட்டுறவு. உறுப்பினர்களின் மானாவாரி நிலத்தில் குதிரைவாலி, கேழ்வரகு, கம்பு விளைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற வெள்ளாமை. இதுவரை தானியமாகவே வியாபாரிக்குப் போட்டோம். இனி பலகாரமாக்கி எங்கள் பெயரிலேயே விற்கப்போகிறோம். பெயர் ‘செவக்காடு’. பொதுக்குழுவில் முடிவானது, இதை மாற்றுவதற்கில்லை.

முதலில் வருவது மூன்று: கேழ்வரகுத் தேன்குழல், குதிரைவாலிச் சீப்புச் சீடை, கம்பு மாவுருண்டை. தேன்குழலும் சீடையும் 150 கிராம், 60 ரூபாய். மாவுருண்டை 200 கிராம், 90 ரூபாய்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பாக்கெட்டைப் பார்த்ததும் இது காட்டில் விளைந்தது என்று தெரிய வேண்டும். செட்டிநாடு என்றாலே தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை, கண்டாங்கிச் சேலைக் கட்டம், சிரிக்கும் ஆச்சி என்று போட்டுவிடுகிறார்கள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டு கடைகளில் நின்று பாருங்கள், எந்தப் பாக்கெட் யாருடையது என்று பிரிக்கவே முடியாது. அந்த வீடுகள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு, இந்தப் பலகாரங்களின் பக்குவமே அந்த அடுப்படிகளில் வந்ததுதான். ஆனால் எங்கள் உறுப்பினர்கள் அங்கே வாழ்ந்தவர்கள் இல்லை, அந்தப் பெருமையைக் காட்டி விற்க எங்களுக்கு விருப்பமும் இல்லை. செம்மண், கதிர், கை. இந்த மூன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

கை என்று சொன்னதற்குக் காரணம் சீப்புச் சீடை. அச்சில் வரிவரியாகப் பிழிந்த மாவைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி இரண்டு முனையையும் ஒட்டி எடுக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டிய இடத்தில் விரல் அழுத்திய தடம் பொரித்த பிறகும் இருக்கும். இதை நேரில் பார்க்காமல் வரைய வேண்டாம், ஒருநாள் வந்து உட்காருங்கள்.

அடுத்தது நிறம். கேழ்வரகுத் தேன்குழல் கரும்பழுப்பாக இருக்கும். அரிசித் தேன்குழலுக்குப் பழகிய கண்ணுக்குக் கருகிப்போனது போலத் தெரியும், சந்தையில் கேட்டேவிட்டார்கள். அதற்காகப் போட்டோவில் பொன்னிறமாக்கிவிடாதீர்கள். உள்ளே இருக்கிற நிறம்தான் வெளியே இருக்க வேண்டும், அந்தப் பழுப்பு எடுப்பாகத் தெரிகிற மாதிரி பின்னணி நிறத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை. சரி, பாக்கெட்டில் ஜன்னல் வைத்து அசலையே காட்டலாமே என்பீர்கள். வெளிச்சம் பட்டால் எண்ணெய்ப் பலகாரம் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், அதனால் ஜன்னல் வேண்டாம்.

ஆரம்பத்தில் அளவு சின்னது. பாக்கெட்டிலேயே அச்சடித்தால் கலருக்கு ஒரு சிலிண்டர் என்று செலவு ஏறும். அதனால் முதல் வருஷம் வெற்றுப் பாக்கெட்டில் லேபிள் ஒட்டத்தான் போகிறோம். லேபிளில் அழகாக இருந்து, பிறகு அச்சுக்கு மாறும்போதும் நிற்கிற டிசைன் வேண்டும். மூன்று கலருக்குள் முடித்தால் புண்ணியம்.

செவக்காடு என்பதைத் தமிழில் கையாலேயே வரையுங்கள், கம்ப்யூட்டர் எழுத்தை எடுத்து நீட்டிவிட்டால் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆங்கிலம் கீழே சின்னதாகப் போதும். பிள்ளையார்பட்டி கோவில் வாசலில் கண்ணாடி மறந்து வந்த பெரியவர் படிக்க வேண்டும், விடியற்காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்களும் வாங்குவார்கள், ஆனால் அவர்களுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

வாசகம் எழுதும்போது ஒரு கட்டுப்பாடு. ‘சுகருக்கு நல்லது’, ‘உடம்பு இளைக்கும்’ என்று ஒரு வரிகூட வரக்கூடாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டுதான், ஆனால் அது தானியத்தின் கணக்கு. மாவில் மற்றதும் சேர்ந்து எண்ணெயில் பொரித்த தேன்குழலுக்கு அந்தக் கணக்கைப் போடுவது ஏமாற்று. ருசியைச் சொல்லுங்கள், விளைந்த ஊரைச் சொல்லுங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், பச்சைக் குறி, எடை, விலை, தயாரித்த தேதி, சத்து அட்டவணை எல்லாவற்றுக்கும் முதல் வரைவிலேயே இடம் விடுங்கள், கடைசியில் திணித்தால் லேபிள் கெட்டுவிடும்.

தீபாவளிக்கு பனையோலைக் கொட்டானில் மூன்றையும் வைத்து ஒரு பரிசுத் தொகுப்பு போடுகிறோம். அதற்குக் கட்டித் தொங்கவிட ஒரு அட்டை மட்டும் போதும், கொட்டானே அழகு.

மொத்தம் 1,60,000 ரூபாய், வரி சேர்த்து. லோகோ, மூன்று லேபிள், கொட்டான் அட்டை, டெலிவரி அட்டைப்பெட்டிக்கு ஒரு கலர் முத்திரை எல்லாம் இதில் அடக்கம். ஜூன் கடைசிக்குள் இரண்டு வரைவு, ஆகஸ்ட் 15க்குள் அச்சுக்கான கோப்பு. வரைவைத் திரையில் அனுப்பினால் போதாது, அசல் அளவில் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். சீடை சுற்றுகிற பெண்கள் பாக்கெட்டில் ஒட்டிப் பார்த்துச் சொல்வதுதான் முடிவு, நிர்வாகக் குழுவின் கருத்து அதற்கு அப்புறம்தான்.

வருகிற தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். பொரிக்கிற நாள் செவ்வாயும் வெள்ளியும், காலை 7 மணிக்கே அடுப்புப் பற்றவைத்துவிடுவார்கள்.