பொருள்: பூப்புளி எடைக் கணக்கு தீர்ந்தது, இனிமேலான ஏற்பாடு

வணக்கம் அண்ணே,

போன லோடில் சாக்கு எடையும் புளி எடையோடு பில்லில் சேர்ந்துவிட்டதற்கு, ₹6,240-க்கான கிரெடிட் நோட் வந்து சேர்ந்தது. 80 மூட்டை, சாக்கு தலா 600 கிராம், ஆக 48 கிலோ, கிலோ ₹130. கணக்கு நேர். நிறுத்திவைத்த பாக்கியை இன்று காலையே வங்கியில் போட்டுவிட்டோம். தருமபுரி எடைமேடைக்கு நீங்களே வந்து நின்று பார்த்ததால்தான் இது இவ்வளவு சுலபமாக முடிந்தது, நன்றி.

பேசியபடி, அடுத்த லோடிலிருந்து பில் நிகர எடைக்கு மட்டும். ஈரச் சாக்கு கூடுதல் கனம் காட்டும் என்பதால் 600 கிராம் என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்க வேண்டாம். இறக்கும்போது 10 வெறும் சாக்கை எடைபோட்டு, சராசரியைக் கழிப்போம். கொட்டை, நார், ஓடு சேர்ந்து 2 சதவீதம் வரை பிடித்தம் இல்லை. மேலே போனால் அந்த மிகுதி எடைக்கு மட்டும். மாதிரியை மூட்டையின் நடுவிலிருந்து எடுப்போம், உங்கள் ஆள் முன்னிலையில். குறை இருந்தால் 2 நாளுக்குள் சொல்வோம். பிறகு கேட்க மாட்டோம். பணம், சரக்கு இறங்கிய 15-ஆம் நாள்.

விலை பழையதுதான். சரி என்று ஒரு வரி பதில் போடுங்கள், திங்கட்கிழமை 60 மூட்டைக்கு ஆர்டர் அனுப்புகிறோம்.

அன்புடன்,
கொள்முதல் பிரிவு, கிருஷ்ணகிரி