பலிக்காத ஆய்வுகள்: சிறப்பிதழுக்குக் கட்டுரைகள் வரவேற்பு

எங்கள் பல்துறை ஆய்வுக் காலாண்டிதழின் ஜூன் 2027 இதழ் ஒரு சிறப்பிதழாக வெளிவருகிறது. கருதுகோள் பொய்த்துப்போன ஆய்வுகள், எதிர்பார்த்த விளைவு தென்படாத சோதனைகள், முன்பு வெளியான முடிவைத் திரும்பச் செய்து பார்த்தபோது அது கிடைக்காத மறுசெய்கை ஆய்வுகள் ஆகியவற்றுக்கே இந்த இதழின் பக்கங்கள். மாணவர்கள், ஆய்வாளர்கள், பேராசிரியர்கள், நிறுவனம் சாராத ஆய்வாளர்கள் என யாரும் எழுதலாம்.

ஏன் இப்படி ஓர் இதழ்? வெற்றி பெற்ற ஆய்வு அச்சேறுகிறது, மற்றது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உளவியலாளர் ராபர்ட் ரோசென்தால் 1979-லேயே இதை 'இழுப்பறைச் சிக்கல்' என்று எழுதினார். அதன் விலை என்ன என்பது பின்னால்தான் எண்களாகத் தெரிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான, மனச்சோர்வு மருந்துகள் பற்றிய 74 ஆய்வுகளை எரிக் டர்னர் குழுவினர் 2008-ல் அலசினார்கள். சாதகமான முடிவு என்று அந்த அமைப்பு கருதிய 38 ஆய்வுகளில் 37 வெளியாகியிருந்தன. மீதி 36-ல் 22 வெளிவரவே இல்லை, 11 ஆய்வுகள் சாதகமானவை போலத் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தன, மூன்றுதான் உள்ளதை உள்ளபடி சொல்லின. வெளியான கட்டுரைகளை மட்டும் படித்த மருத்துவருக்கு அந்த மருந்துகள் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2015-ல் உளவியலின் 100 ஆய்வுகளை ஒரு பெருங்குழு திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. மறுசெய்கையில் அது 36 விழுக்காடாக இறங்கியது. இதற்காக மூல ஆய்வாளர்கள் எல்லாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. சிறிய மாதிரி, தற்செயல், பலித்ததை மட்டும் தேர்ந்தெடுத்து அச்சிடும் இதழ்கள், இந்த மூன்றும் சேர்ந்தாலே போதும். எங்கள் இதழும் அந்த மூன்றாவது காரணத்துக்கு விலக்கல்ல, அதனால்தான் இந்த ஏற்பாடு.

எதை எதிர்பார்க்கிறோம்

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். 'எதுவும் கிடைக்கவில்லை' என்று முடிகிற எல்லா ஆய்வும் இந்த இதழுக்கு உரியது அல்ல. பத்துப் பேரை வைத்து நடத்திய சோதனையில் வேறுபாடு தென்படவில்லை என்றால், வேறுபாடு இல்லை என்று பொருளாகாது. அதைக் காணும் திறன் அந்தச் சோதனைக்கு இல்லாமல் இருந்திருக்கலாம். 'இல்லை' என்று சொல்லும் கட்டுரை, 'இருந்திருந்தால் எவ்வளவு சிறியது வரை எங்களுக்குத் தெரிந்திருக்கும்' என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கு முன்மாதிரி 1887-லேயே இருக்கிறது. ஒளி பரவும் ஊடகம் என்று அன்று கருதப்பட்ட ஈதர் வழியே பூமி நகர்வதை ஒளியைக் கொண்டு அளக்க மைக்கல்சனும் மோர்லியும் முயன்றார்கள், பலிக்கவில்லை. அவர்கள் வெறுமனே 'தென்படவில்லை' என்று எழுதி முடிக்கவில்லை. எதிர்பார்த்த இடப்பெயர்ச்சியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது உறுதி, நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த வரம்பு இருந்ததால்தான் அந்தத் தோல்வியை இயற்பியலால் ஒதுக்கிவிட முடியவில்லை. உங்கள் கட்டுரையிலும் அப்படி ஒரு வாக்கியம் வேண்டும். அளவு சார்ந்த ஆய்வு என்றால் மாதிரி அளவை எப்படித் தீர்மானித்தீர்கள் என்பதும், விளைவின் அளவும், நம்பிக்கை இடைவெளியும் கட்டாயம். சமானச் சோதனையோ பேய்ஸ் காரணியோ சேர்த்தால் இன்னும் நல்லது. பி மதிப்பு 0.05-ஐத் தாண்டியது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'விளைவு இல்லை' என்று எழுதும் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கே அனுப்ப மாட்டோம்.

கருப்பொருள்கள்

மறுசெய்கை ஆய்வுகளுக்கு முதலிடம் தருகிறோம். மூல ஆய்வின் நெறிமுறையை எங்கெல்லாம் அப்படியே பின்பற்றினீர்கள், எங்கே மாற்றினீர்கள், ஏன் என்பதை ஓர் அட்டவணையாகத் தாருங்கள். மூல ஆய்வாளரைத் தொடர்புகொண்டீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள். முடிவு ஒத்துப்போன மறுசெய்கைகளையும் ஏற்போம். பலிக்காததை மட்டும் அச்சிட்டால் நாங்களும் அதே தவற்றை எதிர்த்திசையில் செய்தவர்களாவோம்.

ஆய்வகத்திலும் களத்திலும் முறையே கைகொடுக்காமல் போன அனுபவங்கள் அடுத்தது. உருவாகாத சேர்மம், வெவ்வேறு நாளில் வெவ்வேறு அளவு காட்டிய கருவி, வேறு மொழிக்குக் கொண்டுவந்தபோது நம்பகத்தன்மை இழந்த வினாத்தாள், புதிதாக உருவாக்கியும் பழைய எளிய முறையை மிஞ்சாத கணிப்பு மாதிரி போன்றவை. இவற்றைப் பயனற்றவை என்று நினைத்து எழுதாமல் விட்டுவிடாதீர்கள். 2016-ல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வகக் குறிப்பேடுகளில் அச்சேறாமல் கிடந்த தோல்வியுற்ற வேதிவினைகளையும் சேர்த்து ஒரு கணிப்பு மாதிரியை உருவாக்கினார்கள். புதிய படிகங்கள் எந்த நிலைமைகளில் உருவாகும் என்பதை அது 89 விழுக்காடு சரியாகச் சொன்னது.

மானுடவியல், வரலாறு, இலக்கியத் துறைகளில் இருப்பவர்கள் 'இது நமக்கு இல்லை' என்று கடந்துபோக வேண்டாம். ஆவணக் காப்பகத்தில் தேடியும் கிடைக்காத சான்று, தரவுடன் பொருந்த மறுத்த கோட்பாடு, பாட ஒப்பீட்டில் கலைந்துபோன ஆசிரியர் அடையாளம் ஆகியவை பற்றி எழுதலாம். இங்கே எண்களுக்குப் பதில் தேடலின் எல்லை முக்கியம்: எந்தத் தொகுப்புகளை, எந்தக் காலப்பகுதிக்கு, எந்த வழியில் பார்த்தீர்கள், எதைப் பார்க்க முடியவில்லை.

வெளியீட்டுப் பக்கச்சார்பு, ஆய்வு நெறி, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிந்துவைக்கும் முன்பதிவு, ஆய்வேடுகளில் எதிர்மறை முடிவுகளை மதிப்பிடும் விதம் குறித்த விவாதக் கட்டுரைகளும் வரலாம். ஆனால் இவற்றுக்கு மொத்தப் பக்கங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தருவதாக இல்லை. எதிர்மறை முடிவுகளை வெளியிட வேண்டும் என்று பேசுகிற கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய உண்டு, அந்த முடிவுகள்தான் குறைவு.

கட்டுரை வகையும் அளவும்

முழு ஆய்வுக்கட்டுரை 4,000 முதல் 6,000 சொற்கள் வரை. குறுங்கட்டுரை 2,000 சொற்களுக்குள், ஒரே சோதனை அல்லது ஒரே தேடல் என்றால் இதுவே போதும், இழுத்து நீட்ட வேண்டாம். விவாதக் கட்டுரை 3,000 சொற்களுக்குள். நூற்பட்டியல், அட்டவணைகள், பின்னிணைப்பு ஆகியவை இந்தக் கணக்கில் சேரா.

நான்காவதாக, முன்பதிவுக் கட்டுரை. கார்ட்டெக்ஸ் இதழ் 2013-ல் தொடங்கிய முறை இது. தரவு திரட்டுவதற்கு முன்பே கேள்வியையும் செய்முறையையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் அனுப்புவீர்கள். மதிப்பீட்டாளர்கள் ஒப்புக்கொண்டால், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்று உறுதி தருவோம், திட்டத்திலிருந்து விலகாமல் செய்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஜூன் 2027-க்குள் தரவு திரட்டி முடிக்க இயலாது என்பதால், இந்தச் சிறப்பிதழில் திட்டம் மட்டும் வெளியாகும். முடிவு பின்னர் வழக்கமான இதழ்களில் வரும்.

சமர்ப்பிக்கும் விதிகள்

கட்டுரை தமிழில், யூனிகோட் எழுத்துருவில், வேர்டு கோப்பாக இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் வரும் கோப்புகளை மாற்றும்போது எழுத்துகள் சிதைவதால் அவற்றை ஏற்பதில்லை. எழுத்தளவு 12, வரி இடைவெளி ஒன்றரை. 200 சொற்களுக்குள் ஆய்வுச்சுருக்கமும் ஐந்து திறவுச்சொற்களும் முன்னால் வர வேண்டும். சுருக்கத்திலேயே முடிவு எதிர்மறை என்றால் எதிர்மறை என்று எழுதுங்கள். 'சுவையான போக்குகள் தென்பட்டன' போன்ற மழுப்பல்களைத் திருப்பி அனுப்புவோம். கலைச்சொல்லை முதல் முறை பயன்படுத்தும்போது ஒரு வரியில் விளக்கிவிட்டால் பிற துறையினரும் படிப்பார்கள்.

மதிப்பீடு இருபுறமும் பெயர் மறைத்து நடக்கும். ஆகவே பெயர், நிறுவனம், நன்றியுரை, நிதி விவரம் எல்லாம் தனி முகப்புக் கோப்பில். கோப்பின் பண்புகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் நீக்கிவிடுங்கள். 'எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி' என்று எழுதினாலும் யாரென்று தெரிந்துவிடும்.

தரவையும் பகுப்பாய்வு நிரலையும் பொதுக் களஞ்சியம் ஒன்றில் இட்டு, கட்டுரை ஏற்கப்பட்டபின் அதன் இணைப்பைத் தர வேண்டும். தனிமனிதர் அடையாளம் வெளிப்படும் என்றால் தரவை வெளியிடத் தேவையில்லை, காரணத்தை எழுதினால் போதும். மனிதர்களையோ விலங்குகளையோ உட்படுத்திய ஆய்வுக்கு நெறிக்குழு ஒப்புதலின் எண்ணும் தேதியும் கட்டாயம். எதிர்மறையான, தெளிவற்ற முடிவுகளையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிகளை வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது, சோதனையில் பங்கேற்றவர்களுக்கு நாம் பட்ட கடன் அது.

ஆய்வேட்டிலிருந்து எடுத்து எழுதலாம், முகப்பில் அதைக் குறிப்பிட வேண்டும். வேறு இதழில் வெளியானதும் பரிசீலனையில் இருப்பதும் ஏற்கப்படா. முடிவு எதிர்மறை என்பதால் வேறு இதழ்கள் திருப்பியவை தாராளமாக வரலாம், அங்கே கிடைத்த மதிப்பீட்டுக் குறிப்புகளை இணைத்தால் எங்கள் வேலை சுருங்கும்.

மதிப்பீடு

ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் படிப்பார்கள், அளவு சார்ந்தவற்றைப் புள்ளியியல் அறிந்த மூன்றாமவரும் படிப்பார். கேள்வி பொருட்படுத்தத்தக்கதா, முறை அதற்கு ஏற்றதா, முடிவுரை தரவைத் தாண்டிப் போகிறதா என்பவைதாம் அளவுகோல்கள். முடிவு புதுமையானதா என்று கேட்க மாட்டோம். மறுசெய்கைக் கட்டுரைகளில் மூல ஆய்வாளரிடம் 800 சொற்களுக்குள் ஒரு பதிலுரை கேட்போம், கட்டுரையை நிறுத்தும் உரிமை அவருக்கு இல்லை. அதே சமயம், மூல ஆய்வாளரின் நேர்மையைக் குறைசொல்லும் தொனி இருந்தால் திருத்தச் சொல்வோம். முரண்பாடு ஆய்வுக்கு இடையில்தான், ஆட்களுக்கு இடையில் அல்ல.

தேதிகள்

முன்மொழிவாக அனுப்பும் சுருக்கம் (300 சொற்கள், வகையையும் குறிப்பிட்டு): 15 செப்டம்பர் 2026
சுருக்கம் குறித்த எங்கள் பதில்: 5 அக்டோபர் 2026
முழுக் கட்டுரை: 20 டிசம்பர் 2026
மதிப்பீட்டாளர் கருத்துகள்: 28 பிப்ரவரி 2027
திருத்திய கட்டுரை: 31 மார்ச் 2027
இறுதி முடிவு: 25 ஏப்ரல் 2027
இதழ் வெளியீடு: 15 ஜூன் 2027

எல்லாத் தேதிகளும் அந்த நாளின் நள்ளிரவு வரை. சுருக்கத்துக்குச் சில நாள் தாமதம் என்றால் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள், பார்க்கலாம். முழுக் கட்டுரைக்கு நீட்டிப்பு கிடையாது, மதிப்பீட்டாளர்களிடம் அந்த வாரத்தையே கேட்டு வாங்கியிருக்கிறோம். சுருக்கம் ஏற்கப்பட்டது என்பது கட்டுரை ஏற்கப்பட்டதாகாது.

சமர்ப்பிக்கவோ வெளியிடவோ எந்தக் கட்டணமும் இல்லை. கட்டுரைகள் CC BY 4.0 உரிமத்தில், யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியாகும், பதிப்புரிமை ஆசிரியரிடமே இருக்கும். இதழின் சமர்ப்பிப்புப் பக்கத்தில் 'ஜூன் 2027 சிறப்பிதழ்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை ஒரு வாரத்துக்குள் வரும். வராவிட்டால் திரும்ப அனுப்பாமல், அதே பக்கத்தில் உள்ள படிவத்தில் கேளுங்கள். உங்கள் ஆய்வு இந்த இதழுக்குப் பொருந்துமா என்ற ஐயம் இருந்தால், நான்கைந்து வரியில் அதே படிவத்தில் எழுதினாலும் சிறப்பிதழின் பொறுப்பாசிரியர்கள் பதில் தருவோம்.