வீட்டில் கரண்ட், நெட் இரண்டும் இல்லை – 12 மணி முதல் மன்னார்குடியிலிருந்து வேலை

சாந்தி மேடம், வணக்கம்.

இந்த மெயிலை போன் டேட்டாவில் அனுப்புகிறேன். நேற்று ராத்திரி அடித்த காற்று மழையில் எங்கள் தெருமுனைப் புளியமரத்தின் கிளை முறிந்து கரண்ட் கம்பி மேல் விழுந்துவிட்டது. ஒரு போஸ்ட் வயல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. நெட் கேபிளும் அதே போஸ்ட் வழியாகத்தான் வருகிறது, அதுவும் அறுந்துவிட்டது. இன்வெர்ட்டரில் ரூட்டரைப் போட்டுப் பார்த்தேன், LOS விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கிறது. அதனால் கரண்ட் வந்தாலும் நெட் உடனே வராது.

லைன்மேன் காலையிலேயே வந்து பார்த்துவிட்டார். தண்ணீர் நிற்கும் சம்பா வயலில் கம்பி கிடப்பதால் டிரான்ஸ்பார்மரையே ஆஃப் செய்து வைத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்கிறார். வந்தால் சந்தோஷம், ஆனால் அதை நம்பி நான் இன்றைய வேலையை வைத்துக்கொள்ளவில்லை. (2018 கஜா புயல் மாதிரி எதுவும் இல்லை மேடம், பயப்பட வேண்டாம். வீட்டில் எல்லோரும் நலம்.)

11 மணி வரை வீட்டில்தான் இருப்பேன். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது. மாடிக்குப் போனால் சிக்னல் இரண்டு கோடு வருகிறது. மெயில், சாட் ஓடும், ஹாட்ஸ்பாட்டில் VPN நிற்காது. அவசரம் என்றால் சாட்டில் போடாமல் நேராக போன் செய்யுங்கள். டவரும் பேட்டரியில்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன், போன் கிடைக்காவிட்டால் எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடுங்கள், சிக்னல் வந்ததும் கூப்பிடுகிறேன். அம்மாவின் போனில் வேறு கம்பெனி சிம், அந்த நம்பரையும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன்.

11 மணிக்குமேல் பஸ் பிடித்து மன்னார்குடியில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன். வடுவூரிலிருந்து அரை மணி நேரம்தான். அங்கே கரண்ட், நெட் இரண்டும் இருப்பதைப் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். 12 மணிக்கு உட்கார்ந்ததும் சாட்டில் சொல்கிறேன்.

மாத முடிவு இன்வாய்ஸ் ஷீட் நேற்று மாலை வரை ஷேர்டு டிரைவில் ஏற்றியாகிவிட்டது. மீதி இருப்பது சேலம் கிளையின் பில்கள் மட்டும், அதை 6 மணிக்குள் முடித்துவிடுவேன். காலை 10 மணி டீம் மீட்டிங்கில் என் பகுதியை பிரியா சொல்லிவிடுவார், அவரிடம் பேசிவிட்டேன். 4 மணி கிளையண்ட் காலில் நான் கட்டாயம் இருப்பேன். அதற்குள் அங்கேயும் ஏதாவது ஆனால், இன்வைட்டில் உள்ள டயல்-இன் நம்பருக்கு போன் போட்டுக் குரலில் மட்டும் சேர்ந்துகொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் மேடம். புது நெட்டிலிருந்து VPN போட்டால் ஐடி டீம் சில சமயம் பிளாக் செய்துவிடுகிறார்கள். 12 மணிக்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நேரம் வீணாகாது.

நன்றி,
செந்தில்